"தாத்தா எப்ப எழுந்திரிப்பார்?"

கேள்வி:

என் மகனுக்கு நாலே முக்கால் வயது. எங்களுடனேயே இருந்த என் மாமனார் இதய நோயால் இரண்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். "தாத்தா நல்லாத் தூங்குறார், சாமிகிட்டப் போயிட்டார்" என்று மகனிடம் சொன்னோம். இறுதிச் சடங்கின்போது அவனைத் தெரிந்தவர் வீட்டில் விட்டிருந்தோம். அவன் அழவே இல்லை. முன்பெல்லாம் ஓயாமல் கத்துவான். தாத்தாவுக்கு முடியாமல் இருந்தபோது "சத்தம் போடாதே" என்று அதட்டிக்கொண்டே இருப்போம். இப்போது தானாகவே மெல்லப் பேசுகிறான், அது ஒன்றுதான் நல்ல மாற்றம். ஆனால் இரவில் தூங்க மறுக்கிறான். நான் கண்ணசந்தால் தட்டி எழுப்புகிறான். "தாத்தா எப்ப எழுந்திரிப்பார்?" என்று தினமும் கேட்கிறான். போன வாரம் கணவருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்ததற்கே தேம்பித் தேம்பி அழுதான். இன்னும் மூன்று வாரத்தில் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு இரவு மருத்துவமனையில் இருக்க வேண்டும். "வேலை விஷயமா வெளியூர் போறேன்னு சொல்லிடு" என்கிறார் கணவர். பிள்ளையிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

வெளியூர் என்று சொல்ல வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், தாத்தாவைப் பற்றிச் சொன்னதை ஒரு முறை திருத்திச் சொல்லியாக வேண்டும். அதைச் செய்யாமல் உங்கள் சிகிச்சையைப் பற்றி எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும், "ஆஸ்பத்திரிக்குப் போனால் தூங்கிவிடுவார்கள், தூங்கினால் வரமாட்டார்கள்" என்று அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற கணக்கில்தான் அதுவும் போய்ச் சேரும்.

அந்தக் கணக்கு தப்பில்லை என்பதை முதலில் பாருங்கள். தாத்தா தூங்கினார், பிறகு காணோம். அம்மாவும் ராத்திரியானால் தூங்குகிறாள். அப்படியென்றால் அம்மாவைத் தட்டிப் பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்? அவன் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, நீங்கள் இருக்கிறீர்களா என்று சோதிக்கிறான். தான் தூங்க மறுப்பதும் அதே தர்க்கம்தான். தாத்தாவுக்கு வந்ததும் காய்ச்சல்போல ஏதோ 'உடம்பு சரியில்லை'. அப்பாவுக்கு வந்ததும் 'உடம்பு சரியில்லை'. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் 3 வயது முதல் 10 வயது வரையான குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசவைத்தும் வரையவைத்தும் கேட்டறிந்து, 1948-இல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் எண்ணிக்கொண்டார்கள்: ஒன்று நீண்ட தூக்கம், இன்னொன்று எங்கோ போயிருப்பது. இரண்டிலுமே ஆள் ஒருநாள் எழுந்துவிடலாம், திரும்பிவிடலாம். குழந்தைக்கு மென்மையாகச் சொல்வதாக நினைத்து நாம் எடுக்கிற இரண்டு கதைகளும் அச்சு அசலாக அவையேதான். அவன் தானாகவே வைத்திருக்கும் தவறான எண்ணத்துக்குப் பெரியவர்களே முத்திரை குத்திக் கொடுக்கிறோம். தூக்கக் கதையை நீங்கள் தாத்தாவுக்குச் சொல்லிவிட்டீர்கள். பயணக் கதையை உங்களுக்காகச் சொல்லலாம் என்கிறார் உங்கள் கணவர். அவர் நல்லெண்ணத்தில் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அம்மா போய், இரண்டு நாள் கழித்து வயிற்றில் கட்டுடன், தூக்கச் சொன்னாலும் தூக்காமல் வந்து நின்றால், இனி வெளியூர் என்ற சொல்லும் அவனுக்குப் பயமாகிவிடும். வீட்டில் அதற்குள் யாராவது போனில் 'ஆபரேஷன்' என்று பேசுவதையும் அவன் கேட்டிருப்பான். பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கேட்பவர்கள்.

சாவு என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரிகிற ஒன்றல்ல. அதற்குள் நாலு விஷயங்கள் இருக்கின்றன. இறந்தவர் திரும்ப உயிரோடு வரமாட்டார்; இறந்த உடம்பு எதையும் செய்யாது, உணராது; உடம்புக்குள் நடந்த ஏதோ ஒரு காரணத்தால்தான் சாவு வருகிறது; எல்லோருக்கும் ஒருநாள் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் ஒவ்வொன்றாகப் பிடிபடும். உங்கள் மகன் அந்த வாசலில் நிற்கிறான். நாலையும் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. முதல் மூன்றும் இப்போதே வேண்டும். நாலாவதை அவனே கேட்பான், அநேகமாக உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பான்.

எப்போது சொல்வது? இந்த வாரமே, பகலில், வயிறு நிறைந்திருக்கும்போது. படுக்கப் போகும் நேரத்தில் கூடாது. நீங்களும் கணவரும் சேர்ந்து உட்காருங்கள், தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்கட்டும். கையில் வைத்து உருட்ட ஏதாவது ஒரு விளையாட்டுப் பொருள் அவனிடம் இருந்தால் நல்லது. கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு கனமான செய்தியைக் கேட்பது சின்னப் பிள்ளைக்குக் கஷ்டம். மொத்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சொற்கள் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"கண்ணா, தாத்தா எப்ப எழுந்திரிப்பார்னு நீ கேட்டுக்கிட்டே இருக்க இல்லையா? தாத்தா தூங்குறார்னு அம்மா சொன்னேன். அது சரியில்லை. தாத்தா தூங்கலை. தாத்தா இறந்துட்டார்."

இங்கே ஒரு கணம் நிறுத்துங்கள். அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் தொடருங்கள்.

"நம்ம எல்லார் நெஞ்சுக்குள்ளயும் இதயம்னு ஒண்ணு இருக்கு. அது துடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் உடம்பு வேலை செய்யும். தாத்தாவோட இதயம் ரொம்ப வருஷமாவே பலவீனமாகிக்கிட்டு வந்துச்சு. டாக்டருங்க நிறைய மருந்து கொடுத்துப் பார்த்தாங்க. ஆனா சரிபண்ண முடியலை. ஒருநாள் அது துடிக்கிறது நின்னுபோச்சு. அதனால தாத்தா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது, பார்க்காது, கேட்காது. பசிக்காது, குளிராது, வலிக்காது. அதைத்தான் இறந்துபோறதுன்னு சொல்றோம். இறந்தவங்க திரும்ப எழுந்திரிக்க மாட்டாங்க. நாம எவ்வளவு ஆசைப்பட்டாலும் வரமாட்டாங்க. எனக்கும் அப்பாவுக்கும் அது ரொம்ப வருத்தமா இருக்கு."

இதைச் சத்தமாக ஒருமுறை நீங்களும் கணவரும் தனியே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். 'இறந்துட்டார்' என்ற சொல்லில்தான் எல்லாப் பெற்றோருக்கும் நாக்கு இடறும். கடைசி நொடியில் 'போயிட்டார்' என்று மாறிவிடும். போனவர் எங்கே போனார், எந்த வழியாக வருவார் என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவான். பேசும்போது உங்களுக்குக் கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம். எதற்கு அழுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்: "தாத்தாவை நினைச்சு அழறேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." காரணம் தெரியாத அழுகைக்குத்தான் பிள்ளை தன்னைக் காரணமாக்கிக்கொள்ளும்.

சொல்லி முடித்ததும் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் "சரி, நான் விளையாடப் போகட்டா?" என்பார்கள். பெரியவர்களுக்கு அது திக்கென்று இருக்கும். புரியவில்லை என்றோ பாசம் இல்லை என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வயதில் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். ஐந்து நிமிடம் அழுகை, அடுத்த ஐந்து நிமிடம் பந்து. அன்று அவன் அழாததும் அதனால்தான், கூடவே எதற்கு அழ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ, "சரி, தாத்தா நாளைக்கு வருவாரா?" என்று மறுபடியும் கேட்பான். அப்போது அதே சொற்களில், அதே சுருக்கத்தில் பதில் சொல்லுங்கள்: "வரமாட்டார் கண்ணா. தாத்தா இறந்துட்டார். இறந்தவங்க திரும்ப வரமாட்டாங்க." இருபது முறை கேட்டாலும் இருபது முறையும் இதுதான். புதிது புதிதாக விளக்கினால், பதில் மாறுகிறது, ஆகவே முடிவும் மாறலாம் என்று அவன் நம்பத் தொடங்குவான். ஆகையால் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இந்த இரண்டு வரியைச் சொல்லிக் கொடுங்கள். அப்பா 'இறந்துட்டார்' என்றும் பாட்டி 'நட்சத்திரமாயிட்டார்' என்றும் சொல்கிற வீட்டில் பிள்ளை தனக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொள்ளும். மாலையில் ஜன்னலில் உட்கார்ந்து நட்சத்திரம் இறங்கி வருவதற்குக் காத்திருக்கும்.

சாமியைப் பற்றியும் சொல்லிவிட்டீர்கள். அது உங்கள் நம்பிக்கையென்றால் அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். வரிசைதான் முக்கியம். உடம்புக்கு நடந்ததை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, "அதுக்கப்புறம் தாத்தா சாமிகிட்ட இருக்கார்னு நாங்க நம்புறோம். நாம அங்க போய்ப் பார்க்க முடியாது, அவரும் வர முடியாது" என்று இரண்டாவதாக வையுங்கள். வெறும் 'சாமி கூட்டிக்கிட்டார்' மட்டும் இருந்தால், பிடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவராகச் சாமி ஆகிவிடுவார். தாத்தா உடம்பு இப்போது எங்கே என்று கேட்டால், உங்கள் வீட்டில் நடந்ததை உள்ளபடியே, ஆனால் 'வலிக்காது' என்பதை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். உடம்பு எதையும் உணராது என்பது புரியாத பிள்ளைக்கு அதற்கு மேல் வருகிற எந்த வாக்கியமும் பயங்கரமாகத்தான் கேட்கும். கேட்காவிட்டால் நீங்களாக அதைத் தொட வேண்டாம்.

இப்போது நீங்கள் நல்ல மாற்றம் என்று எழுதியிருப்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்த வரி அதுதான். சத்தம் போடாதே, தாத்தாவுக்கு முடியலை என்று மாதக்கணக்கில் கேட்ட பிள்ளை. ஒருநாள் தாத்தா இல்லை. அன்றிலிருந்து பிள்ளை மெல்லப் பேசுகிறான். இந்த வயதில், தான் நினைத்தது, சொன்னது, செய்தது எல்லாம் உலகத்தை மாற்றும் என்று குழந்தைகள் உண்மையாகவே நம்புவார்கள். 'நான் கத்தினேன், தாத்தா செத்துப்போனார்' என்ற முடிவுக்கு அவன் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிச்சயம் அப்படித்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும் என்பதில்லை. இல்லாத குற்றவுணர்ச்சிக்கு ஆறுதல் சொன்னால் நஷ்டம் ஒன்றுமில்லை. இருக்கிற குற்றவுணர்ச்சியைச் சும்மா விட்டால் அது வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும்.

"உன்னாலதான்னு நினைக்கிறியா?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு அப்படியொரு எண்ணமே இல்லையென்றால் நீங்களே விதைத்ததாகிவிடும், இருந்தாலும் பயத்தில் 'இல்லை' என்பான். கேள்வியாக இல்லாமல் செய்தியாகச் சொல்லுங்கள்: "தாத்தாவுக்கு முடியாதப்ப உன்னைச் சத்தம் போடாதேன்னு நாங்க அதட்டினோம். தாத்தாவுக்கு ஓய்வு வேணும்னுதான் அப்படிச் சொன்னோம். நீ சத்தம் போட்டதால தாத்தா இறக்கலை. சத்தம் போட்டா யாரோட இதயமும் நிக்காது. நீ செஞ்சது, சொன்னது, மனசுக்குள்ள நினைச்சது எதுவுமே தாத்தாவை இறக்கவைக்கலை. இதயத்துல இருந்த நோய்தான் காரணம்." பிறகு சில நாள் கவனியுங்கள். ஒரு மதியத்தில் திடீரென்று வீடே அதிரக் கத்தி, கத்திவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தானென்றால், அவன் அதைச் சரிபார்க்கிறான் என்று அர்த்தம். அன்றைக்குமட்டும் தயவுசெய்து அதட்டாதீர்கள்.

இரவுத் தூக்கத்துக்கு, தூங்குகிற உடம்புக்கும் இறந்த உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் கையாலேயே உணரவைப்பதுதான் வழி. வாயால் சொன்னால் போதாது. மாலையில் நீங்கள் படுத்துக்கொண்டு, உங்கள் நெஞ்சில் அவன் காதை வைத்துத் துடிப்பைக் கேட்கச் சொல்லுங்கள். கையை வயிற்றில் வைத்து மூச்சு ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப அம்மா தூங்குற மாதிரி நடிக்கிறேன், துடிக்குதா பாரு" என்று சொல்லுங்கள். உண்மையாகவே தூங்கும் அப்பாவிடம் இன்னொரு நாள் அவனை அழைத்துப் போய் மெல்லக் கைவைத்துப் பார்க்கச் செய்யுங்கள். "தூங்கும்போது இதயம் துடிக்கும், மூச்சு வரும், கனவு வரும், காலையில முழிப்பு வரும். இறந்துபோறது வேற, தூங்குறது வேற." ராத்திரியில் உங்களை எழுப்ப வேண்டாம், சந்தேகம் வந்தால் அம்மா வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொள் என்று ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். சில நாள் உங்களை ஒட்டியே படுக்கட்டும். கெட்ட பழக்கமாகிவிடுமே என்ற கவலையை இரண்டு மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்; பயம் போன பிறகு இடத்தை மாற்றுவது சுலபம், பயத்தோடு மாற்றுவதுதான் பாடு.

கணவரின் காய்ச்சல் மாதிரியான சங்கதிகளுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். இனி வீட்டில் யாருக்கும் 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்லுங்கள். "அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல். உனக்கு முன்னாடி வந்து சரியாப்போச்சே, அதேதான். தாத்தாவுக்கு இருந்தது இதய நோய். அது வேற, சளி வேற. அப்பாவோட இதயம் நல்லா இருக்கு." பெயர் தனித்தனியாக இருந்தால்தான் பயமும் தனித்தனியாகப் பிரியும்.

இனி உங்கள் சிகிச்சை. தாத்தா பேச்சு முடிந்து ஒரு வாரம், பத்து நாளாவது இடைவெளி இருக்கட்டும். அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போதே சொல்லிவிடாதீர்கள். மூன்று வாரம் என்பது நாலே முக்கால் வயதுக்கு முடிவே இல்லாத காலம், தினமும் 'இன்னைக்கா?' என்று தவிப்பான். முந்தின நாள் சொன்னாலும் கேள்வி கேட்க அவகாசம் இருக்காது. நாலைந்து நாள் முன்னால் சொல்வது சரியாக இருக்கும். இடையில் அவனே எதையாவது கேட்டுவிட்டு வந்து நின்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

"அம்மா வயித்துக்குள்ள, இந்த இடத்துல பித்தப்பைன்னு ஒரு சின்னப் பை இருக்கு. அதுக்குள்ள குட்டிக் குட்டியா கல்லு உண்டாகியிருக்கு. அது தெருவுல கிடக்குற கல்லு இல்லை, நான் முழுங்கினதும் இல்லை, உள்ளேயே உண்டானது. அதனாலதான் எனக்கு அப்பப்ப வலிக்குது. அந்தப் பையையே டாக்டர் எடுத்துடுவார். அது இல்லாமலும் உடம்பு நல்லா வேலை செய்யும். இது உனக்கு ஒட்டாது. உன்னால வந்ததும் இல்லை. இது இதய நோய் இல்லை."

'முழுங்கினதும் இல்லை' என்பதை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டில் கல் கடிபட்டால் அலறுகிற பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் மயக்க மருந்து. 'டாக்டர் அம்மாவைத் தூங்கவைப்பார்' என்றுதான் மருத்துவமனையில் எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்வார்கள். உங்கள் மகனிடம் அந்தச் சொல்லே வரக்கூடாது. செவிலியர்களிடமும் உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவனுக்கு இப்படிச் சொல்லலாம்: "ஆபரேஷன் செய்யும்போது வலிக்கக்கூடாது இல்லையா? அதுக்கு மயக்க மருந்துன்னு ஒரு மருந்து கொடுப்பாங்க. அது ராத்திரித் தூக்கம் இல்லை, இறந்துபோறதும் இல்லை. அந்த மருந்து உள்ள இருக்கிற வரைக்கும் எனக்கு வலி தெரியாது, யார் பேசினாலும் கேட்காது. ஆனா இதயம் துடிச்சுக்கிட்டே இருக்கும், மூச்சு வந்துக்கிட்டே இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டே இருக்கறதுக்குன்னே ஒரு டாக்டர் பக்கத்துலயே இருப்பாங்க. வேலை முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவாங்க, நான் முழிச்சுக்குவேன்." காது வைத்து இதயத்துடிப்பு கேட்ட பிள்ளைக்கு இந்த வாக்கியங்களில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். அதனால்தான் அந்த விளையாட்டை முன்பே ஆடச் சொன்னேன்.

இதற்குப் பிறகு அவனுக்கு முக்கியமான கேள்வி உங்கள் வயிறல்ல, அவன் வயிறு. யார் எனக்குச் சாப்பாடு தருவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள், பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள்? பெரியவர்களுக்குச் சுயநலமாகத் தோன்றினாலும், சிறு பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போவது என்றால் இதுதான். ஆட்களின் பெயரோடு சொல்லுங்கள். 'எல்லாரும் பார்த்துக்குவாங்க' என்பது பதிலே இல்லை. ஒரு தாளில் இரண்டு நிலா வரைந்து, ஒவ்வொரு ராத்திரி முடிந்ததும் ஒன்றுக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் நாள் கணக்கு அவன் கையில் இருக்கும். மூன்றாவதாக ஒரு நிலாவைக் கோட்டால் மட்டும் வரைந்து வையுங்கள்: "டாக்டர் இன்னும் ஒரு நாள் இருக்கச் சொன்னா இது. அப்படின்னா அப்பா உடனே உன்கிட்டச் சொல்லிடுவார்." வீடு திரும்பும் நாள் தள்ளிப்போவது அபூர்வமில்லை. சொல்லிவைக்காமல் தள்ளிப்போனால் அவனுக்கு அது தாத்தா கதையின் தொடர்ச்சியாகிவிடும்.

திரும்பி வந்த பிறகு எப்படி இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றில் மூன்று நாலு இடத்தில் சின்னக் கட்டு இருக்கும், மெல்லத்தான் நடப்பேன், கொஞ்ச வாரம் உன்னைத் தூக்க முடியாது, ஆனால் நீ பக்கத்தில் வந்து உட்காரலாம். எத்தனை வாரம் என்பதை உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டு அதையே சொல்லுங்கள். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் முகம் சுளிப்பதை அவன் பார்க்கத்தான் போகிறான்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகோ, நடுவிலோ, ஒருவேளை குளிக்கும்போதோ, அந்தக் கேள்வி வரும்: "நீயும் செத்துடுவியா?" 'சீ, அப்படியெல்லாம் பேசாதே' என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அந்த ஒரு வரியோடு பிள்ளை அந்தக் கதவை மூடிவிடும். 'நான் சாகவே மாட்டேன்' என்பதும் வேண்டாம், ஓரிரு வருஷத்தில் அவனுக்கே அது பொய் என்று தெரிந்துவிடும். நான் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கிற பதில் இது: "உயிரோட இருக்கற எல்லாரும் ஒருநாள் இறப்பாங்க. பெரும்பாலானவங்க ரொம்ப ரொம்ப வயசானப்புறம்தான். இந்த ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க கிட்டத்தட்ட எல்லாருமே நல்லாகி வீட்டுக்கு வந்துடுறாங்க. நானும் வந்துடுவேன்னுதான் டாக்டரும் நானும் நினைக்கிறோம். நீ பெரிய ஆளாகிற வரைக்கும் உன்கூட இருக்கணும்னு எனக்கு ஆசை." உடனே நிறுத்துங்கள். சில பிள்ளைகள் இதோடு விட மாட்டார்கள்: "ஒருவேளை வரலைன்னா?" அப்போது பதில், "அப்பா இருக்கார், பாட்டி இருக்காங்க. உன்னைப் பார்த்துக்க எப்பவும் ஆள் இருப்பாங்க." கேட்டால் மட்டும்.

பேசினாலும் எல்லாம் ஒரே வாரத்தில் அடங்கிவிடாது. படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, வயிறு வலிக்கிறது என்பது, உங்கள் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் பேசிய பிறகு ஒரு சுற்று கூடலாம். பொம்மைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சாகடிப்பதும் எழுப்புவதுமாக விளையாடினால் தடுக்காதீர்கள். அதுதான் அவன் யோசிக்கிற முறை. விளையாட்டில் பொம்மை ஒவ்வொரு முறையும் எழுந்துகொண்டே இருந்தால், திரும்ப வராமை இன்னும் அவனுக்குள் இறங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். திருத்த வேண்டியதில்லை, அடுத்த முறை அவன் கேட்கும்போது அதே இரண்டு வரி போதும்.

"நானும் தாத்தாகிட்டப் போறேன்" என்று அவன் சொன்னால் பதறாமல், "தாத்தாவைப் பார்க்கணும்போல இருக்கா?" என்று கேளுங்கள். இந்த வயதில் அது பெரும்பாலும் ஏக்கம்தான். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றாலோ, பல வாரம் சரியாகச் சாப்பிடாமலும் விளையாடாமலும் இருந்தாலோ, நீங்கள் வீடு திரும்பி ஓரிரு மாதம் ஆகியும் இரவுப் பயம் குறையாமல் இருந்தாலோ, குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். முதலாவதற்கு உடனே, நாள் பார்க்காமல். மற்றபடி துக்கத்துக்கு அவசரம் காட்ட வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட நோயறி கையேடுகூட, குழந்தைகளுக்கு இறப்பு நடந்து 6 மாதமாவது கழிந்த பிறகுதான் நீடித்த துயரத்தை ஒரு கோளாறாகப் பார்க்கிறது. உங்கள் மகனுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் தாத்தா தூங்குவதாக நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அவன் துக்கம் நீங்கள் பேசப்போகிற நாளில்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். நீங்கள் சேரப்போகும் மருத்துவமனையில் சிறு பிள்ளைகளை உள்ளே விடுவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். விடுவார்களென்றால், மயக்கம் முழுதாகத் தெளிந்த பிறகு பத்து நிமிடம் வரட்டும். கையில் ஊசிக்குழாய் இருக்கும், அம்மா குரல் மெல்லியதாக இருக்கும் என்று வாசலிலேயே கணவர் சொல்லி அழைத்துவர வேண்டும். உள்ளே வர மாட்டேன் என்று நின்றால் வற்புறுத்த வேண்டாம். விடமாட்டார்களென்றால், போய்ப் பார்க்கலாம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் பேச முடிகிற நேரமாகப் பார்த்து, முகம் தெரியும்படி கைபேசியில் அழையுங்கள்.